போட்டோவைப் பார்த்து மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை எடுத்த அனுபவம் உண்டா?

வாளையார்வாசி:
மாமா பையன் துபாயில் இருக்கிறான், கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் வருவான். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வாடகைக் கடையில் அவன் செல்ஃபியைக் காட்டி ரெடிமேட் தலைப்பாகை கேட்டோம். கடைக்காரப் பெரியவர் படத்தில் முதலில் காதைத் தேடினார். “காது ரெண்டும் கன்னத்துக்குப் பின்னால ஒளிஞ்சிருக்குதுங்க, கை நீட்டி எடுத்த படம். ஆறடி தள்ளி நின்னு வேற ஆள் எடுத்ததை அனுப்பச் சொல்லுங்க” என்றார். வந்த படத்தில் அதே பையனுக்கு முகம் நல்ல அகலம்! செல்ஃபியில் நீளமுகமாகத் தெரிந்தவன். நாங்கள் பிடித்து வைத்திருந்த ஒடுக்கமான பாகையை அவர் உள்ளே வைத்துவிட்டு, பக்கவாட்டில் கன்ன எலும்பைத் தாண்டி ஒரு விரல் வெளியே நிற்கிற சுற்றை எடுத்தார். தலைச் சுற்றளவு மட்டும் படத்தில் வராது என்று டேப் வைத்து அளக்கச் சொன்னார். 59 செ.மீ. வந்தது.

கோவிந்தாபுரம் மாப்ளே:
சுற்றளவு தெரிந்தால் போதுமே. 59 என்றால் 59, முகம் எதுக்கு?

தொப்பித் தையல்:
பொருந்துவதற்குச் சுற்றளவு, பார்க்க நன்றாயிருக்க முகம். ஆனால் சுற்றளவும் முழுசாக நம்ப முடியாது. ஒரே 59-இல் ஒருவருக்கு மண்டை உருண்டையாக இருக்கும், இன்னொருவருக்கு முன்பின்னாக நீண்டிருக்கும். நீளத் தலைக்கு வார்த்த பாகையை உருண்டைத் தலையில் வைத்தால் காதுக்கு மேலே கவ்வும், நெற்றியில் விரல் நுழையும். கழற்றியதும் இரண்டு நெற்றிப்பொட்டிலும் சிவப்புத் தடம் இருந்தால் அதுதான். பெரிய அளவு எடுத்தால் பொட்டில் கவ்வாது, ஆனால் நெற்றியிலும் பின்னாலும் இடைவெளி கூடி ஆடும். அங்கே பட்டைக்குள் மெல்லிய ஃபோம் ஒட்ட வேண்டும். இதை முன்பக்கப் படம் காட்டாது, பக்கவாட்டுப் படமும் கேளுங்கள். டேப்பைப் புருவத்துக்கு மேலே, காதைத் தொடாமல், பின்மண்டைப் புடைப்பைச் சுற்றி விட வேண்டும். மேலே நழுவினால் அளவு குறைந்துவிடும்.

சித்தூர் அக்கா:
எனக்கு வெயில் தொப்பிதான் பிரச்சினை. கொண்டை போட்டால் எந்த அளவும் ஏறாது. கொண்டையையும் சேர்த்து அளக்கணுமா?

தொப்பித் தையல்:
வேண்டாம் அக்கா, கொண்டையைக் கழுத்துப் பக்கம் இறக்கிப் போட்டு அளந்து பாருங்கள்.

பொள்ளாச்சி பெரியப்பா:
எங்கள் உருமால் கட்டுச் சீரில் தலையிலேயே துணியைச் சுற்றுவோம், அளவே கிடையாது. ரெடிமேட் வாங்கிவிட்டு இத்தனை பாடா!

வாளையார்வாசி:
பெரியப்பா, அதற்குக் கட்டத் தெரிந்த கை வேண்டுமே. அப்புறம் இன்னொரு சந்தேகம். பையன் இப்போது தாடி வைத்திருக்கிறான், கல்யாணத்துக்கு எடுத்துவிடுவானாம். முகம் ஒடுங்கித் தெரியுமா?

தொப்பித் தையல்:
தாடை குறையும், கன்ன எலும்பு குறையாது. பெரியவர் எலும்பைத்தானே பார்த்தார், அகலம் சரியாகவே இருக்கும். பாகையின் உயரத்தைத்தான் தாடியோடு இருக்கிற படத்தில் சொல்ல முடியாது, தாடி எடுத்த பிறகு ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள்.

கோவிந்தாபுரம் மாப்ளே:
எடுக்கிறேன் என்று சொன்னவன் கடைசியில் எடுக்காமலே வந்தால்?