நாட்டடவுப் படத்தில் கடகாமுகம் கபித்தம் போலத் தெரிகிறது, உடலும் சாய்ந்திருக்கிறது: பிழை கையிலா, காலிலா, கேமராவிலா?

பயிற்சி மாணவி

பரதநாட்டியம் கற்கிறேன். அடவுகள் முடிந்து இப்போதுதான் அலாரிப்பு தொடங்கியிருக்கிறது. ஆசிரியர் வெளியூரில் இருக்கிறார். திரும்பி வரும்வரை நாட்டடவைப் படமெடுத்துப் பார்த்து நானே திருத்திக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன்.

இடது கால் அரைமண்டியில் இருக்கிறது. வலது கால் பக்கவாட்டில் நீண்டு குதிகாலில் ஊன்றியிருக்கிறது. வலது கை காலின் திசையில் நீட்டி அலபத்மம், இடது கை மார்புக்கு எதிரே கடகாமுகம்.

உட்கார்ந்துகொண்டு கடகாமுகம் பிடித்தால் சரியாக வருகிறது. நிலையில் நின்றதும் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளே மடங்கி, படத்தில் கபித்தம் போலத் தெரிகிறது. அதோடு உடல் ஒரு பக்கம் சாய்ந்தது போலவும், மண்டி போதாதது போலவும் இருக்கிறது. போனை ஒரு நாற்காலியின் முதுகில் சாய்த்து வைத்து, என்னைத் திரையில் பார்க்க முடியும் என்பதால் முன்பக்கக் கேமராவில் எடுத்தேன். நான் செய்யும் தவறு எது, போன் செய்யும் தவறு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

சலங்கை

முதலில் காலைக் கவனியுங்கள். வலது கால் என்கிறீர்கள், படத்தில் நீண்டிருப்பது இடது கால்! அடிப்படையே மாறிப்போயிருக்கும்போது விரலைப் பற்றி என்ன பேசுவது? எங்கள் பாணியில் அந்த இடத்தில் திரிபதாகம்தான், அலபத்மம் இல்லை. கண்ணும் போனைப் பார்க்கிறது. கை போகும் இடத்துக்குக் கண் போக வேண்டும் என்று அபிநய தர்ப்பணமே சொல்கிறது.

பயிற்சி மாணவி

முன்பக்கக் கேமரா இடவலத்தை மாற்றிச் சேமித்திருக்கிறது. பின்னால் இருக்கும் நாட்காட்டியின் எழுத்துகள் இடவலம் மாறி, கண்ணாடியில் பார்ப்பது போல இருப்பதைப் பாருங்கள். நீட்டியது வலது கால்தான். அலபத்மம் என் ஆசிரியர் சொல்லிக்கொடுத்தது, அதை நான் மாற்ற முடியாது. கண்ணைப் பற்றிச் சொன்னது உண்மை. திரையில் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

தட்டுக்கழி

கைகள் பாணிக்குப் பாணி மாறும். அதை அவரவர் ஆசிரியரிடம் விட்டுவிடுவோம். கண்ணைப் பற்றி சலங்கை சொன்னது சரி. கண் மட்டுமல்ல, முகமே நீட்டிய கையின் பக்கம் திரும்ப வேண்டிய இடம் இது. திரையைப் பார்த்தால் கழுத்து நடுவில் நின்றுவிடும்.

மாணவிக்கு: உங்கள் படத்தில் உடலை நான் பார்க்கும் முன்பே பின்னால் இருக்கும் கதவு நிலையைப் பார்த்தேன். அது நேராக இல்லை. மேலே போகப் போக உள்பக்கம் சாய்கிறது. நாற்காலியில் சாய்த்து வைத்ததால் போன் அண்ணாந்து பார்த்திருக்கிறது. கதவே சாய்ந்து தெரியும் படத்தில் தோள் சாய்ந்திருக்கிறதா என்று தீர்ப்பு சொல்ல முடியாது. போன் மிக அருகிலும் இருக்கிறது. அதனால்தான் படத்தின் விளிம்புக்குப் போன வலது உள்ளங்கை முகத்தைவிடப் பெரிதாக இருக்கிறது.

பின்பக்கக் கேமராவை `1x` அளவில் வையுங்கள், `0.5x` வேண்டாம். போன் உங்கள் தொப்புள் உயரத்தில் செங்குத்தாக நிற்கட்டும். நீட்டிய கைக்கு அப்பாலும் படத்தில் தாராளமாக இடம் இருக்கும் அளவுக்குப் பின்னால் தள்ளி வையுங்கள். கதவு நிலை நேராகத் தெரிந்த பிறகே ஆடத் தொடங்குங்கள். புகைப்படம் எடுக்காதீர்கள். வீடியோவில் அடவை முதல் காலத்தில் ஆடி, குதிகால் தரையைத் தொடும் கணத்தில் நிறுத்தி அந்தச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். படத்துக்காக நிற்பவர் எல்லாவற்றையும் சரிசெய்துகொண்டு நிற்பார். ஆட்டத்தில் வந்து விழும் நிலைதான் நமக்கு வேண்டும்.

இனி விரல். கேமராவை எப்படி மாற்றினாலும் இந்தப் பிழை போகாது. உங்கள் இடது முழங்கை தோள் உயரத்தில் நன்றாகவே நிற்கிறது. ஆனால் கை மார்பிலிருந்து நழுவி, விலா முடியும் இடத்துக்கு வந்துவிட்டது. அதனால் முன்கை முழங்கையிலிருந்து மணிக்கட்டை நோக்கிச் சரிகிறது. சரிந்த கையைத் தரைக்கு இணையாகக் காட்டுவதற்காக மணிக்கட்டைப் புறங்கைப் பக்கம் மடக்கியிருக்கிறீர்கள். படத்தைப் பெரிதாக்கினால் புறங்கை முடியும் இடத்தில் தோல் மடிந்து ஒரு கோடு தெரிகிறது. மணிக்கட்டு அப்படிப் பின்னே வளைந்தால் விரல்களை மடக்கும் தசைநாண்கள் இழுபட்டு, விரல்கள் தாமாக உள்ளே சுருளும். உட்கார்ந்து பிடிக்கும்போது மணிக்கட்டு நேராக இருக்கிறது, முத்திரையும் சரியாக வருகிறது.

இப்போதே சோதித்துப் பாருங்கள். கடகாமுகம் பிடித்து, புறங்கையும் முன்கையும் ஒரே கோட்டில் இருக்க வையுங்கள். பிறகு மணிக்கட்டை மட்டும் மெல்லப் பின்னே வளையுங்கள். சுண்டு விரல் எப்போது இறங்கத் தொடங்குகிறது என்று கவனியுங்கள்.

பயிற்சி மாணவி

உடனே இறங்குகிறது! ஆனால் மணிக்கட்டை நேராக வைத்தாலும் மோதிர விரல் சுண்டு விரல் அளவுக்கு நிமிரவில்லையே?

தட்டுக்கழி

நிமிராது. நடுவிரல் கட்டைவிரலைத் தொட மடங்கியிருக்கும்போது பக்கத்து மோதிர விரலால் முழுதாக நீள முடியாது, இரண்டின் தசைநாண்களும் புறங்கையில் பிணைந்திருக்கின்றன. சுண்டு விரல் உயர்ந்து, மோதிர விரல் அதற்குச் சற்றுத் தாழ்ந்து நிற்பதே பார்க்கவும் அழகு. வலிந்து நிமிர்த்தப் போனால் கட்டைவிரல் பிடி விட்டுப்போகும்.

கை ஏன் நழுவுகிறது என்பதையும் பாருங்கள். வலது கை நீளும்போது கவனம் முழுவதும் அங்கே போய்விடுகிறது, மார்பில் இருக்கும் கையை மறந்துவிடுகிறோம். கால் இல்லாமல், கையை மட்டும் சொல்லுக்கட்டோடு செய்யுங்கள். வலது கை நீளும் ஒவ்வொரு முறையும் இடது மணிக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

தாமதமாகத் தொடங்கியவள்

எனக்கும் இதே பிரச்சினைதான். நாற்பது வயதுக்கு மேல் சேர்ந்தேன். அரைமண்டியில் முழங்காலின் உள்பக்கம் வலிக்கிறது. மண்டி போதவில்லை என்பதால்தான் வலி என்று தோழி சொல்கிறாள். இன்னும் கீழே உட்காரப் பழகினால் சரியாகிவிடுமா?

தட்டுக்கழி

அம்மா, மாணவி கேட்டது வலியைப் பற்றி இல்லை. ஆனாலும் உங்கள் கேள்வி அவருடைய படத்துக்கும் பொருந்துகிறது. இன்னும் கீழே உட்காராதீர்கள்.

அரைமண்டியில் தொடை இடுப்பு மூட்டிலிருந்து வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். இடுப்பு திரும்பும் அளவுக்குத்தான் பாதம் திரும்பலாம். பாதத்தை மட்டும் பக்கவாட்டில் தள்ளிவிட்டு உட்கார்ந்தால், முழங்கால் முன்னே வந்துவிடும், பாதம் வெளியே நிற்கும், இடையில் மூட்டு முறுக்கப்படும். படத்தில் இதைக் கண்டுபிடிக்க, முழங்கால் சில்லின் நடுவிலிருந்து நேர்கீழே ஒரு கோடு வரையுங்கள். அது பாதத்தின் விரல்கள் இருக்கும் பக்கமாக விழ வேண்டும். மாணவியின் இடது காலில் கோடு குதிகாலுக்கு அருகிலேயே விழுகிறது, பாதத்தின் உள்வளைவும் தரையில் அமுங்கியிருக்கிறது. மண்டி போதாதது போலத் தெரிவதற்குக் காரணம் ஆழம் இல்லை. முழங்கால் கேமராவை நோக்கி வந்திருப்பதால் தொடை குட்டையாகத் தெரிகிறது. பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்தால் பின்புறம் பின்னே தள்ளியிருப்பதும் தெரிந்துவிடும்.

உங்களுக்கு ஏற்கெனவே வலி இருப்பதால், பாதத்தைத் திருப்பும் அளவைக் குறைத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். படத்தைப் பார்த்து நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

சலங்கை

பாதத்தைக் குறைவாகத் திருப்பினால் அரைமண்டியின் வடிவமே போய்விடும். எங்களைச் சிறு வயதிலிருந்தே முழுதாகத் திருப்பவைத்துத்தான் பழக்கினார்கள்.

தட்டுக்கழி

சிறு வயதில் தொடங்கியவர்களுக்கு இடுப்பு அதற்கு ஈடுகொடுக்கலாம். எல்லோருடைய இடுப்பு எலும்பும் ஒரே அளவு திரும்பும்படி அமைவதில்லை. வடிவத்துக்காக எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதில் ஆசிரியர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. மூட்டை முறுக்கி அந்த வடிவத்தைப் பெற வேண்டாம் என்பது என் கட்சி.

பயிற்சி மாணவி

சொன்னபடி வீடியோ எடுத்தேன். கதவு நேராகத் தெரிகிறது. மணிக்கட்டை நேராக வைத்ததும் கடகாமுகம் கடகாமுகமாகவே தெரிகிறது. சாய்வும் பெருமளவு போய்விட்டது, ஆனால் முழுதாகப் போகவில்லை. வலது தோள் இன்னும் தாழ்ந்திருக்கிறது. தொடக்க அரைமண்டிச் சட்டத்தையும் கால் நீட்டிய சட்டத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். இரண்டாவதில் தலை உயர்ந்து, வலப்பக்கமும் நகர்ந்திருக்கிறது.

தட்டுக்கழி

இரண்டு சட்டங்களை ஒப்பிட வேண்டும் என்று நான் சொல்லாமலே செய்திருக்கிறீர்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது. காலை நீட்டும்போது தலை இருந்த உயரத்திலேயே இருக்க வேண்டும். முதல் சட்டத்தில் உச்சந்தலையைத் தொட்டு ஒரு கிடைக்கோடு வரைந்து, அதே கோட்டை இரண்டாவதிலும் வையுங்கள். தலை கோட்டைத் தாண்டினால் இடது முழங்கால் நிமிர்ந்திருக்கிறது என்று பொருள். வலப்பக்கம் நகர்ந்தால் எடை நீட்டிய காலுக்குப் போயிருக்கிறது. உங்களுக்கு இரண்டும் நடக்கின்றன. இடுப்பு வலப்பக்கம் போக, அதன் பின்னாலேயே தோளும் இறங்குகிறது.

குதிகாலைத் தட்டியபின் அப்படியே நில்லுங்கள். உடலை அசைக்காமல் வலது குதிகாலைத் தரையிலிருந்து விரல் கனம் தூக்க முடிகிறதா? முடிந்தால் எடை இடது காலில் இருக்கிறது. தூக்குவதற்கு முன் உடல் இடப்பக்கம் நகர்ந்தால், எடை தவறான காலில் இருந்திருக்கிறது. ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் இந்தச் சோதனையைச் செய்து பழகுங்கள்.

தாளக்காரன்

ஒரு மாற்றுக் கருத்து. நீட்டிய கையின் பக்கம் மேலுடல் சற்று சாய்வதைச் சில ஆசிரியர்கள் வேண்டுமென்றே சொல்லித்தருகிறார்கள். தோள் தாழ்ந்தாலே பிழை என்று சொல்லிவிட முடியுமா?

தட்டுக்கழி

முடியாது. இடுப்பு அசையாமல் மேலுடல் மட்டும் சாய்ந்தால் அது பாணியாக இருக்கலாம். இங்கே இடுப்பே நகர்ந்திருக்கிறது, எனவே அதை முதலில் நிறுத்த வேண்டும். அதன் பிறகும் தோள் தாழ்ந்தால், அது வேண்டுமா வேண்டாமா என்று அவருடைய ஆசிரியர்தான் சொல்ல வேண்டும்.

பயிற்சி மாணவி

குதிகாலைத் தூக்கிப் பார்த்தேன். முதல் காலத்தில் முடிகிறது. இரண்டாம் காலத்தில் தூக்குவதற்கு நேரமே இல்லை, தலையும் மறுபடி உயர்கிறது. பாதத்தைக் கொஞ்சம் குறைத்துத் திருப்பினால் கோடு சரியாக விழுகிறது. ஆனால் ஆசிரியர் இதற்கு ஒப்புக்கொள்வாரா என்று தெரியவில்லை. வீடியோவை அப்படியே வைத்திருக்கிறேன், வந்ததும் காட்டிக் கேட்கிறேன்.

தட்டுக்கழி

பக்கவாட்டுப் படத்தையும் சேர்த்துக் காட்டுங்கள். அவர் வரும்வரை இரண்டாம் காலத்தைத் தொட வேண்டாம்.

தாமதமாகத் தொடங்கியவள்

நானும் கோடு வரைந்து பார்த்தேன். வலது காலில் சரியாக விழுகிறது, இடது காலில் உள்ளே விழுகிறது. வலியும் இடது காலில்தான். ஒரு பாதத்தை மட்டும் குறைவாகத் திருப்பி ஆடலாமா, அல்லது இரண்டையும் சமமாகக் குறைக்க வேண்டுமா?