எஸ்கேப் செய்தலுக்குத் தமிழ்ச் சொல்: விரிதாள் வரிசைகள் எக்ஸ்எம்எல் ஆகும்போது

யாழினி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். கலைச்சொல் தொகுப்பு ஒன்றை விரிதாளிலிருந்து எக்ஸ்எம்எல் கோப்பாக மாற்றும் முறையை விளக்கும் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு வரிசையும் ஓர் உறுப்பாகிறது, அவ்வரிசையின் கலங்கள் அதன் உள்ளுறுப்புகளாகின்றன என்பது வரை தடையின்றி எழுதிவிட்டேன். ஆனால் கலத்தில் `R&D` என்றோ `a<b` என்றோ இருந்தால் அவற்றை `R&amp;D`, `a&lt;b` என்று மாற்றி எழுத வேண்டும். இல்லையேல் கோப்பைப் படிக்கும் மென்பொருள் அந்த இடத்திலேயே பிழை காட்டி நின்றுவிடும். இந்த மாற்றி எழுதுதலுக்குத்தான் சொல் தேடுகிறேன். ‘உம்மைக்குறியைத் தப்பிக்கச் செய்யவும்’ என்று எழுதிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அருளாளன் எழுதியது:

சிரிப்பு வருவதில் வியப்பில்லை அம்மா. எஸ்கேப் என்னும் சொல்லின் இலத்தீன் மூலம், மேலாடையைப் பிடித்தவன் கையிலேயே விட்டுவிட்டு நழுவுவதைச் சுட்டுவது. இங்கு நடப்பதோ நேர்மாறானது. வெறுமனே நின்ற குறிக்கு நாம் ஆடை உடுத்துகிறோம். ஆகவே மூலச்சொல்லைப் பின்பற்ற வேண்டிய தேவையே இல்லை.

நம் இலக்கணத்தில் இதற்கு அணுக்கமான கருத்து உண்டு. அவையில் வெளிப்படையாகச் சொல்லத்தகாததை வேறு சொல்லால் சொல்வதை நன்னூலார் இடக்கரடக்கல் என்று தகுதி வழக்கில் வைத்தார். தொல்காப்பியமும் ‘அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்’ என்கிறது. சொல் மாறினாலும் கேட்பவர் கொள்ளும் பொருள் மாறுவதில்லை. எக்ஸ்எம்எல் என்னும் அவையில் `&`, `<` ஆகிய இரண்டும் உரைக்கு நடுவே அப்படியே வரக்கூடாதவை. எனவே ‘குறியடக்கல்’ என்பதை முன்மொழிகிறேன்.

கயல் எழுதியது:

ஐயாவின் விளக்கம் வகுப்பில் சொல்ல இனிமையாக இருக்கும்; ஆனால் சொல்லை மட்டும் தனியே பார்க்கும் மாணவர் ‘அடக்கல்’ என்பதை ஒன்றை மற்றொன்றுக்குள் வைத்தல் என்றே கொள்வார். உறுப்புக்குள் உறுப்பை வைப்பதை விளக்கும் அதே பக்கத்தில் இச்சொல்லும் வந்தால் குழப்பம் உறுதி. ‘எஸ்கேப் செய்தல்’ என்றே எழுதிவிடுவது நல்லது.

மேலும், இந்தச் சொல்லே தேவைதானா? ஒவ்வொரு கலத்தின் உரையையும் `<![CDATA[` என்பதற்கும் `]]>` என்பதற்கும் இடையில் வைத்துவிட்டால் எதையும் மாற்றி எழுத வேண்டாமே.

நசீர் எழுதியது:

எனக்கும் இதே தொல்லைதான். விரிதாளை சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால், முகவரி உள்ள நெடுவரிசையில் காற்புள்ளி வரும் இடமெல்லாம் கலம் இரண்டாக உடைந்து, அடுத்தடுத்த நெடுவரிசைகள் ஒவ்வோர் இடம் தள்ளிப் போகின்றன. குறியடக்கல் அதைச் சரிசெய்யுமா?

சுந்தரம் எழுதியது:

நசீர், உங்கள் சிக்கல் இதன் உறவுதான், விதிதான் வேறு. சிஎஸ்வியில் கலத்தின் உரை முழுவதையும் இரட்டை மேற்கோளுக்குள் வைத்து, உள்ளே ஏற்கெனவே மேற்கோள் இருந்தால் அதை இரட்டித்து எழுதுவார்கள். நாம் ஆக்கும் சொல் அதற்கும் பொருந்தினால் நல்லது.

கயல் அவர்கள் சொன்ன CDATA பெரும்பாலான கலங்களுக்குச் சரிப்படும். ஆனால் உரையிலேயே `]]>` வந்துவிட்டால் அந்தப் பகுதி அங்கேயே முடிந்துவிடும். நிரல்துண்டுகள் கொண்ட தொகுப்பில் அப்படி வருவது அரிதன்று. `>` குறியை மாற்றியே ஆக வேண்டும் என்று எக்ஸ்எம்எல் வற்புறுத்துவதும் உரையில் இந்த ஓரிடத்தில்தான். மற்ற இடங்களில் மாற்றுவது வழக்கமேயன்றிக் கட்டாயம் அன்று.

யாழினி, சொல்லைவிட முக்கியமான ஒன்றைக் கையேட்டில் தவறாமல் எழுதுங்கள். விரிதாளிலேயே வாய்பாடு போட்டு மாற்றுவோர் இப்படி எழுதுவார்கள்:

```
=SUBSTITUTE(SUBSTITUTE(C2,"&","&amp;"),"<","&lt;")
```

உள்ளே இருக்கும் மாற்றமே முதலில் நடக்கும் என்பதால் இதில் உம்மைக்குறி முதலில் மாறுகிறது, அதுவே சரி. வரிசையைத் திருப்பிப் போட்டால் `a<b` முதலில் `a&lt;b` ஆகி, பிறகு நாமே புதிதாக எழுதிய உம்மைக்குறியும் மாற்றப்பட்டு `a&amp;lt;b` ஆகிவிடும். இதில் ஏமாற்றம் என்னவென்றால், அந்தக் கோப்பு இலக்கணப் பிழையற்றது. எந்த மென்பொருளும் குறை சொல்லாமல் திறக்கும். படிப்பவரின் திரையில் `a<b` இருக்க வேண்டிய இடத்தில் `a&lt;b` என்று தெரியும்போதுதான் தவறு வெளிப்படும். ஒருமுறை மாற்றிய நெடுவரிசையை மீண்டும் மாற்றினாலும் இதே கதைதான்.

உடனே சிலர், கோப்பில் `&amp;lt;` என்று இருக்கும் இடமெல்லாம் `&lt;` என்று திருத்திவிடலாம் என்பார்கள். உங்களுடையது கலைச்சொல் தொகுப்பு. `&lt;` என்னும் குறியீடே அதில் ஒரு பதிவாக இருக்கக்கூடும். அந்த வரிசை சரியாக மாறினால் இப்படித்தான் இருக்கும்:

```xml
<entry>
  <term>&amp;lt;</term>
  <note>a&lt;b என எழுதப் பயன்படுவது</note>
</entry>
```

முதல் உறுப்பில் உள்ள `&amp;lt;` பிழையன்று. ஒட்டுமொத்தத் திருத்தம் செய்தால் அந்தப் பதிவின் தலைச்சொல் வெறும் `<` ஆகிவிடும். கோப்பை மட்டும் பார்த்து எது இருமுறை மாறியது, எது உள்ளபடியே அவ்வாறு இருந்தது என்று பிரித்தறிய வழியில்லை. ஆகவே விரிதாளில் எப்போதும் இயல்பான உரையே இருக்க வேண்டும். கோப்பில் எழுதும் கணத்தில், ஒரே ஒருமுறை மாற்ற வேண்டும். பைதானின் ElementTree போன்ற நூலகத்தைக் கொண்டு எழுதினால் அதுவே மாற்றிக்கொள்ளும். அங்கு நாமும் கைவைத்தால் மீண்டும் இருமுறை ஆகும்.

அருளாளன் எழுதியது:

சுந்தரம் சொன்னதிலிருந்து இணைச்சொல்லும் கிடைத்துவிட்டது. எழுதுவோர் அடக்குவதைப் படிக்கும் மென்பொருள் மீட்கிறதல்லவா? அதைக் ‘குறிவிரித்தல்’ எனலாம். உம்மைத்தொகையில் மறைந்த ‘உம்’ விரிக்கும்போது வெளிப்படுவதைப் போன்றது இது. அதிலும் இங்கு அடங்குவது உம்மைக்குறியே என்பது எத்துணைப் பொருத்தம்! அடக்கியது எத்தனை முறையோ விரித்தலும் அத்தனை முறை வேண்டும் என்று ஒரு நூற்பாவே செய்துவிடலாம்.

கயல் எழுதியது:

நூற்பா வேண்டாம் ஐயா, வெள்ளிக்கிழமை நெருங்குகிறது. மேலும் ‘விரித்தல்’ ஏற்கெனவே விரிதாளில் இருக்கிறது. மாணவர் இரண்டையும் முடிச்சுப் போடுவார். CDATA பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். சொல்லைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. என் பாடக்குறிப்பில் எஸ்கேப் என்றே இருக்கும்.

யாழினி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ‘குறியடக்கல்’ என்பதையே ஆளுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘எஸ்கேப் செய்தல் எனப்படும் குறியடக்கல்’ என்று எழுதிவிடுகிறேன். மீட்பதற்குத் தனிச் சொல் ஆளாமல் ‘மென்பொருள் மூல உரையாக மீட்கும்’ என்று விளக்கிவிட்டேன். கயல் அவர்களின் மறுப்பு நியாயமானது என்பதால் உள்ளுறுப்புகளைப் பற்றிய பகுதியில் ‘அடங்கிய’ என்ற சொல்லை எங்கும் வராமல் நீக்கியிருக்கிறேன்.

சுந்தரம் எழுதியது:

ஒன்று மட்டும். வேறு ஆவணங்களிலிருந்து வெட்டி ஒட்டிய கலங்களில் கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறிகள் வரும். வரிமுறிவாக வரும் செங்குத்துத் தத்தல் அவற்றுள் ஒன்று. எக்ஸ்எம்எல் 1.0-இல் அதை `&#11;` என்று எழுதினாலும் ஏற்கமாட்டார்கள். அதை அடக்க வழியில்லை; நீக்க வேண்டும், அல்லது இடைவெளியாக மாற்ற வேண்டும். அவ்வாறு செய்தால் உரை உண்மையிலேயே மாறிவிடுகிறது. எனவே அதைக் குறியடக்கல் என்ற தலைப்பின்கீழ்ச் சேர்த்துவிடாதீர்கள்.

அருளாளன் எழுதியது:

அப்படியானால் அதற்கும் ஒரு சொல் வேண்டுமே. ‘குறிகளைதல்’ எப்படி?