வகுப்பறைக் கடிதம்: இன்று அனுப்பாதீர்கள்

*தோட்டப் பள்ளி பழைய மாணவர் குழு*

ஜெகன்: எல்லாருக்கும் வணக்கம். கம்பனியின் சமூகப் பொறுப்புக் குழுவிடம் வகுப்பறையைத் திருத்தப் பணம் கேட்கும் கடிதமும் செலவுப் பட்டியலும் தயார். நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் அந்த 20க்கு 25 அடி அறை. கூரைத் தகடு, பெயின்ட், 12 மேசை. இன்றே அனுப்பவா?

செல்வராணி டீச்சர்: அனுப்புங்க தம்பி. மழை வந்தால் பிள்ளைகளை ஒரே மூலைக்கு ஒதுக்கித்தான் பாடம் நடத்துறேன்.

மாரியப்பன் மாமா: எங்க லயத்துக் கூரையும் ஒழுகுது. அதையும் சேர்த்து எழுதுப்பா.

ஜெகன்: மாமா, இது தோட்டக் கம்பனி இல்லை. கொழும்பிலுள்ள ஒரு கம்பனி, கல்விக்கு மட்டும் பணம் ஒதுக்கியிருக்கிறது. லயத்துக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுவோம், நான் மறக்கமாட்டேன்.

சிவா அண்ணன்: தம்பி, கொஞ்சம் பொறு. நான் இருபது வருஷம் கட்டட வேலை மேற்பார்த்தவன். டீச்சர், சுவரில் ஈரம் எங்கே இருக்கிறது? மேலிருந்து இறங்குதா, கீழிருந்து ஏறுதா?

செல்வராணி டீச்சர்: மேட்டுப் பக்கச் சுவரில் தரையிலிருந்து மூணு அடி வரைக்கும். வெள்ளையா உப்புப் பூத்திருக்கு. மழை விட்டு நாலு நாள் ஆனாலும் காயாது.

சிவா அண்ணன்: அது கூரைத் தண்ணீர் இல்லை, மேட்டு மண்ணிலிருந்து வருகிற தண்ணீர். கூரை ஒழுகினால் கறை மேலிருந்து கோடாக இறங்கும், வெயில் பட்டால் காயும். பின்பக்கம் தண்ணீர் வடிய ஒரு கான் இல்லாமல் பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்கே தோல் மாதிரி உரியும். கம்பனிக்காரர் ஒரு வருஷம் கழித்துப் பார்க்க வந்தால் என்ன சொல்வோம்?

கலா அக்கா: சரி, அப்ப கானையும் சேர்த்து எல்லாத்தையும் இரண்டு மடங்காப் போடுங்க. அவங்க எப்படியும் பாதியா வெட்டுவாங்க.

சிவா அண்ணன்: வெட்டுவார்கள், உண்மைதான். ஆனால் பட்டியலோடு கடை விலைமனு இருக்கும், கலா. இரண்டையும் ஒப்பிட்டு ஒரு வரியில் சந்தேகம் வந்தால் முழுக் கடிதத்தையும் ஒதுக்கிவிடுவார்கள். எதிர்பாராத செலவு என்று பத்து வீதம் வெளிப்படையாகவே போடலாம். ஜெகன், தகட்டை எப்படிக் கணக்கெடுத்தாய்?

ஜெகன்: தரை 500 சதுர அடி. 14 அடித் தகடு ஒன்று இரண்டரை அடி அகலம் மூடும், அதாவது 35 சதுர அடி. ஆகவே 15 தகடு.

சிவா அண்ணன்: அங்கேதான் தவறு. கூரை தரையை விடப் பெரியது. இறவானம் நீளவாக்கில் இரு பக்கமும் இரண்டு அடி நீண்டால் 29 அடி. இரண்டரையால் வகுத்தால் ஒரு சரிவுக்கு 12, இரண்டு சரிவுக்கு 24. ஒரு சரிவின் நீளம் பதினாலு அடிக்குச் சற்றுக் குறைவு, அதனால் தகட்டு நீளம் சரி.

ஜெகன்: ஒன்பது தகடு குறைகிறதா! ஹட்டன் கடையில் அடி 780 ரூபாய் சொன்னார்கள். 98,280 ரூபாய் பாதியில் இடித்திருக்கும் அண்ணா.

கலா அக்கா: லொறி கோயில் வரைக்கும்தானே வரும்? அதுக்கு மேலே யார் சுமக்குறது?

சிவா அண்ணன்: நல்ல கேள்வி. பலர் இதைத்தான் விடுவார்கள். ஒரு கியூப் மணலே ஏறக்குறைய நூறு மூட்டை. சுமை கூலியைத் தனி வரியாக எழுது, இல்லாவிட்டால் மேசன் பாஸ் வந்து கேட்கும்போது மேசைப் பணம்தான் போகும்.

மாரியப்பன் மாமா: கானை நாங்களே வெட்டுறோம். எங்களுக்குத் தெரியாத கானா? 25 அடிச் சுவருக்குப் பின்னால், அப்புறம் பத்து அடி ஓடைக்கு.

சிவா அண்ணன்: மாமா, அதுதான் இந்தக் கடிதத்துக்கே பலம். கானின் அடி வகுப்புத் தரையை விடக் கீழே இருக்கட்டும், 35 அடிக்கு நாலு அங்குலச் சரிவு போதும். உங்கள் கூலியை "ஊரின் பங்கு" என்று பட்டியலில் காட்டுவோம். சீமெந்துப் பூச்சுக்கு மட்டும் பணம் கேட்போம். இப்போதே வெட்டினால் டிசம்பர் விடுமுறைக்குள் சுவர் ஓரளவு காயும்.

செல்வராணி டீச்சர்: ஆகஸ்ட் விடுமுறையில் கூரை போடக் கூடாதா?

சிவா அண்ணன்: தென்மேல் பருவ மழையில் கூரையைத் திறப்பது ஆபத்து டீச்சர். டிசம்பரில் செய்தால், பெரும்பாலான கம்பனிகள் கணக்கு முடிக்கும் மார்ச் 31க்கு முன்னால் பற்றுச்சீட்டும் கொடுத்துவிடலாம்.

ஜெகன்: பணத்தை என் கணக்குக்கு அனுப்பச் சொல்லியிருந்தேன். சரிதானே?

சிவா அண்ணன்: வேண்டாம் தம்பி. உன்னை நம்புகிறோம், ஆனால் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்குதான் சரி. அது அரசாங்கப் பள்ளி, ஆகவே வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதிக் கடிதமும் இணைக்கணும். அதிபரிடம் யார் பேசுவது?

செல்வராணி டீச்சர்: நான் நாளைக்குப் பேசுறேன். பின்பக்க மேடு தோட்டத்து நிலமா பள்ளி நிலமா என்பதுதான் சிக்கல். கான் வெட்ட தோட்டத் துரையிடமும் கேட்கணுமோ?

சிவா அண்ணன்: கேட்டுவிடுங்கள். அது தெரியும்வரை மாமா மண்வெட்டியை எடுக்க வேண்டாம்.

ஜெகன்: முதல் வரியை மாற்றிவிட்டேன்: "மேட்டுப் பக்க ஈரத்தாலும் கூரை ஒழுக்கினாலும் மழை நாட்களில் முழு அறையையும் பயன்படுத்த முடியவில்லை." பெயின்டைக் கடைசி வரிக்குத் தள்ளிவிட்டேன். டீச்சர், ஈரச் சுவரை ஒரு அடிக்கோலை வைத்து படம் எடுத்து அனுப்புங்க.

செல்வராணி டீச்சர்: மழை பெய்யும்போதே எடுக்கிறேன் தம்பி.