வட்ஸ்அப் ஹேக் கெப்ஷன், ஒருக்கா பாத்துச் சொல்லுங்க

வணக்கம் எல்லாருக்கும். உப்புவெளியில எங்கட அக்கா வீட்டில இருந்து சாறி பிளவுஸ் தைச்சு விக்கிறவ, நேற்றுப் பின்னேரம் அவவின்ட கடை வட்ஸ்அப் திடீரெண்டு லொக் அவுட் ஆகிட்டு, கொஞ்ச நேரத்தில கஸ்டமர் குரூப்பில அவவின்ட பேரிலயே "பேங்க் எக்கவுண்ட் மாறிட்டு, அட்வான்ஸ இதுக்குப் போடுங்க" எண்டு மெசேஜ் வந்திருக்கு. இப்ப நம்பர் திரும்பக் கிடைச்சிட்டு, டூ ஸ்டெப் பின்னும் போட்டாச்சு.

ஃபேஸ்புக் பேஜில போட இப்பிடி எழுதியிருக்கிறன்:

"நேற்றுப் பின்னேரம் எங்கட வட்ஸ்அப்ப வேற ஆள் பாவிச்சிருக்கு. பழைய சட் அவைக்குத் தெரியாது, ஆனா குரூப்பில இருக்கிற உங்கட நம்பர் தெரிஞ்சிருக்கும். புது எக்கவுண்டுக்குக் காசு போடாதீங்க, போட்டிருந்தா ஸ்லிப்போட உடனே உங்கட பேங்குக்குக் கோல் பண்ணுங்க, பிறகு எங்களுக்கும் சொல்லுங்க. எஸ்எம்எஸ்ல வாற ஆறு இலக்கக் கோட் ஆர் கேட்டாலும் குடுக்காதீங்க, நாங்க ஒருநாளும் கேக்க மாட்டம்."

பழைய சட் தெரியாதெண்டு எழுதினது, அதெல்லாம் அக்காவின்ட ஃபோனிலதான் இருக்கு, நம்பர வேற ஃபோனில ரெஜிஸ்டர் பண்ணினா அங்க வராது. ஆனா அந்த நேரத்துக்குள்ள ஆரும் புதுசா அட்ரஸ், ஸ்லிப் அனுப்பியிருந்தா அது அவன்ட கைக்குத்தான் போயிருக்கும், எங்களுக்கு அது தெரிய வழியில்ல. அதையும் சேக்கோணும் எண்டு நினைக்கிறன், சனம் பயப்பிடாம எப்பிடி எழுதலாம்? அந்த எக்கவுண்ட் நம்பரயும் கெப்ஷனில போடலாமா? தெரிஞ்ச ஆக்கள் கெதியாச் சொல்லுங்க, இண்டைக்கே போடோணும்.