கலைச்சொல் உதவி: ‘குவான்டிடேட்டிவ் ஈசிங்’ (அவசரம்)

மலர்:
அன்புள்ள குழுவினருக்கு, கல்லூரிப் பொருளியல் நூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அத்தியாயத்தைக் கொடுத்தாக வேண்டும். மைய வங்கி பெருமளவில் பத்திரம் வாங்கிப் பொருளாதாரத்துக்குத் தெம்பூட்டும் ‘குவான்டிடேட்டிவ் ஈசிங்’ பற்றியது அது. தலைப்பில் ‘அளவுத் தளர்வு’ என்று போட்டு ஒரு மாணவியிடம் படிக்கக் கொடுத்தேன். “அளவாகத் தளர்த்துவதுதானே, ரொம்பத் தளர்த்தக் கூடாது என்கிறார்களா?” என்று கேட்டாள். பொருள் நேர் எதிராகப் போய்விட்டது. வேறு சொல் உண்டா?

சேகர்:
‘பணம் அச்சடிப்பு’ என்று போடுங்கள். எல்லாருக்கும் புரியும், வேலை முடிந்தது.

தேவி:
புரியும், ஆனால் தப்பாகப் புரியும். 2009 மார்ச்சில் பிரிட்டனின் மைய வங்கியான இங்கிலாந்து வங்கி 7,500 கோடி பவுண்டில் தொடங்கியதை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஓய்வூதிய நிதியிடமிருந்து அரசுப் பத்திரத்தை வாங்குகிறது. நிதியின் வங்கிக் கணக்கில் வைப்புத்தொகை ஏறுகிறது. அந்த வங்கிக்கு மைய வங்கியில் உள்ள இருப்பு அதே அளவு கூடுகிறது. ஒரு நோட்டுகூட அச்சாகவில்லை. அந்த இருப்பை வங்கிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாமே தவிர, தெருவுக்குக் கொண்டுவந்து செலவழிக்க முடியாது.

சேகர்:
சரி, புதுப் பணம் உண்டானதா இல்லையா?

தேவி:
உண்டானது. அதில் நீங்கள் சொல்வது சரி.

அறவாழி:
மலர் அம்மாவுக்கு: சிக்கல் ‘தளர்வு’ என்பதிலும் இருக்கிறது. தளர்வு தானாக நிகழ்வது, தன்வினை. இங்கே ஒருவர் தளர்த்துகிறார். வளர், வளர்த்து, வளர்ப்பு என்பதுபோல தளர், தளர்த்து, தளர்ப்பு. ‘வளர்ச்சி’க்கு இணை ‘தளர்ச்சி’. அதைத் தொடவே வேண்டாம், நரம்புத் தளர்ச்சிதான் நினைவுக்கு வரும். குழந்தையின் தளர்நடையிலும் இதே வேர்தான். அங்கே தளர்வு அழகு, இங்கே கொள்கை. ‘தள்’, ‘தளை’ ஆகியவற்றோடு இதற்கு உறவு உண்டா என்பது தனி ஆராய்ச்சி, நாளை எழுதுகிறேன்.

காசி:
கடன் தவணையைத் தள்ளிப்போடும் சலுகைதானே இது? எனக்கு வங்கியில் தர மறுத்துவிட்டார்கள்.

தேவி:
இல்லை ஐயா, அது வேறு.

சேகர்:
அப்படியானால் ‘பத்திரக் கொள்முதல்’. செய்வது அதுதானே?

தேவி:
குறுகியகால வட்டியைக் குறித்த இடத்தில் நிறுத்தவும் மைய வங்கிகள் எப்போதும் பத்திரம் வாங்கி விற்றுக்கொண்டுதான் இருக்கின்றன. அங்கே இலக்கு வட்டி. அதற்கு எவ்வளவு வாங்க வேண்டுமோ அவ்வளவு வாங்குவார்கள். வட்டி சுழியத்தை ஒட்டி வந்தபின் அந்த வழி அடைபட்டது. 2001 மார்ச்சில் ஜப்பான் வங்கி, வட்டிக்குப் பதில் வங்கிகளின் இருப்பையே இலக்காக்கி, அதை 5 லட்சம் கோடி யென் என்று அறிவித்தது. ‘அளவு’ என்ற சொல் அங்கே, வட்டி என்னும் ‘விலை’க்கு எதிர்ச்சொல்லாக நிற்கிறது. அதனால் அதை விடக் கூடாது. ‘அளவுசார்’ என்றால் அந்த மாணவியின் குழப்பம் குறையும் என்று நினைக்கிறேன்.

மலர்:
இந்த அத்தியாயத்தில் பங்கு விலை ஏறியது பற்றியும் வருகிறது. பத்திரம் வாங்கினால் பங்கு ஏன் ஏற வேண்டும்?

தேவி:
பத்தாண்டுப் பத்திரம், முகமதிப்பு 100 பவுண்ட், ஆண்டுக்கு 4 பவுண்ட் வட்டி என்று கொள்வோம். சந்தை 4% கேட்டால் விலை 100. பெரிய கை ஒன்று வாங்க இறங்கி, சந்தை 3 சதவீதத்துக்கே இசைந்தால் விலை சுமார் 108.5. விற்றவருக்கு லாபம், ஆனால் கையில் இருப்பது சொற்ப வட்டி தரும் வைப்புத்தொகை. அவர் நிறுவனப் பத்திரம், பங்கு என்று நகர்கிறார், அவற்றின் விலையும் ஏறுகிறது. முதல் சுற்றில் அரசுப் பத்திர வருவாய் வீதம் ஏறக்குறைய 1 சதவீதப் புள்ளி இறங்கியதாக இங்கிலாந்து வங்கியின் பொருளியலாளர்களே மதிப்பிட்டார்கள். பங்கு விலை ஏறியதற்கு இது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்வதுதான் கடினம். அதே மாதங்களில் நிதி நெருக்கடியின் பீதியும் தணிந்துகொண்டிருந்தது.

ஓய்வூதிய நிதிக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. வீதம் இறங்கினால், அந்த நிதி நாளை கொடுக்க வேண்டிய ஓய்வூதியத்தின் இன்றைய மதிப்பும் ஏறிவிடும். சொத்தும் கூடும், கடமையும் கூடும். ஏற்கெனவே பற்றாக்குறையில் இருந்த நிதிக்கு இது கொண்டாட்டம் அல்ல.

காசி:
அதனால்தான் வட்டி ஏறியபோது என் பத்திர ஃபண்ட் இறங்கியதா?

தேவி:
ஆமாம் ஐயா, அதே கணக்கு திரும்பி ஓடுகிறது.

அறவாழி:
‘சார்’ என்ற ஒட்டை எல்லாவற்றிலும் ஒட்டுவது சோம்பேறித்தனம். ‘தொகைத் தளர்ப்பு’ என்றால் என்ன குறை?

சேகர்:
இலக்கண வகுப்பில் தொகை, பொருளியல் வகுப்பில் வேறு தொகையா? மாணவர் வேற்றுமைத்தொகை என்று எழுதிவிட்டுப் போவார்.

மலர்:
நன்றி. ‘அளவுசார் தளர்ப்பு’ என்று போட்டு அனுப்பிவிட்டேன். அறவாழி ஐயாவின் மறுப்பையும் குறித்துக்கொண்டேன். அடுத்த பக்கத்தில், வாங்கிய பத்திரங்களை மைய வங்கி விற்றும் முதிரவிட்டும் குறைப்பது வருகிறது. ‘அளவுசார் இறுக்கம்’ என்று எழுதட்டுமா?

அறவாழி:
இறுக்கம் தன்வினை அம்மா. ‘இறுக்கல்’.

சேகர்:
இறுக்கலா? பதிப்பாசிரியர் அதை விக்கல் என்று திருத்தாமல் இருந்தால் சரி.