தேடி வந்தவர் கோடும் பரிந்துரையில் வந்தவர் கோடும்: இந்தப் பிசகுக்கு ஒரு சொல் வேண்டும்

முருகேசன், பாலக்கோடு:

எல்லோருக்கும் வணக்கம். காணொலி எடுக்கும் எங்கள் பக்கத்து விவசாயப் பிள்ளைகளுக்கு அடுத்த மாதம் ஒரு வகுப்பு எடுக்கிறேன். இரண்டு சொல் அகப்பட மாட்டேன் என்கிறது. ஒன்று, ஒரு காணொலியை எத்தனை பேர் எந்த நொடிவரை பார்க்கிறார்கள் என்று காட்டும் அந்தச் சரிகிற கோடு. 'தக்கவைப்பு வளைகோடு' என்று எழுதி வைத்திருக்கிறேன். வாயில் நுழையவில்லை. இன்னொன்றுதான் பெரிய தலைவலி. அதற்கு என் கதையைச் சொன்னால்தான் புரியும்.

'தக்காளி இலைச் சுருட்டு: என்ன செய்யலாம்?' என்று ஒரு காணொலி போட்டேன். 9 நிமிடம் 20 நொடி. விடியற்காலை மண்டியில் தொடங்கினேன். கிரேடுப் பெட்டிகள் இறங்குவது, ஏலம், அன்றைய விலை. 1:50க்கு மேல்தான் தோட்டத்துக்குப் போகிறேன். 4:10ல் சுருண்ட செடி ஒன்றைப் பிடுங்கிக் காட்டி, வெள்ளை ஈ இந்தச் சுருட்டு வைரஸை எப்படிப் பரப்புகிறது என்று சொல்கிறேன். 30வது நொடியில் நூற்றுக்கு 56 பேர் இருந்தார்கள். என் மற்ற காணொலிகளும் அப்படித்தான் என்பதால் விட்டுவிட்டேன்.

பிறகு ஒருநாள், யார் எந்த வழியாக வந்தார்கள் என்று பிரித்துப் பார்த்தேன். தேடல் பெட்டியில் தட்டச்சு செய்து வந்த பார்வை 2,100. வேறு காணொலிக்குப் பக்கத்தில் பரிந்துரையாகத் தெரிந்து வந்தது 1,400. தேடி வந்தவர்களில் 30வது நொடியில் இருந்தது 46 சதவீதம். பரிந்துரையில் வந்தவர்களில் 71. அந்த 56 இரண்டையும் கலந்த கணக்கு, அவ்வளவுதான். அப்படி ஒரு பார்வையாளர் கூட்டமே கிடையாது. இந்த இரண்டு கோடும் பிரிந்து போவதற்கு, அதன் காரணமான பொருந்தாமைக்கு, ஒரு சொல் வேண்டும்.

கோவிந்தராஜ், காவேரிப்பட்டணம்:

தம்பி, இதுக்கு ஏற்கெனவே சொல் இருக்கே. 'பிடித்தம்'. நாங்க காண்ட்ராக்ட் வேலையில் பில் தொகையில் ஒரு பங்கைத் துறை பிடித்து வைப்பதை அப்படித்தான் சொல்றோம். வேலையில் குறை இல்லைன்னு பார்த்த பிறகுதான் அது கைக்கு வரும். உங்க பார்வையாளர்களை யூடியூப் பிடித்து வைக்குது, சரியா?

கமலா, பென்னாகரம்:

கோவிந்தராஜ் சார், அது பணத்துக்கு. இங்கே பிடித்து வைப்பவர் யாரும் இல்லை, பார்ப்பவர் தானாக இருக்கிறார், தானாகப் போகிறார். 'தக்கவைப்பு' என்ற சொல்லிலும் எனக்கு அதே குறைதான். வைப்பவர் நாம் என்று ஆகிவிடுகிறது. கோடு சொல்வதோ அவர் இருந்தாரா என்பதை. 'தங்கல் கோடு' என்று வைத்துப் பாருங்கள், முருகேசன். தங்கினார், தங்கவில்லை என்று வினையாகவும் எளிதில் வரும். (ஆனாலும் 'பிடித்தம்' என்பதற்குப் பிரியம் என்ற பொருளும் இருப்பதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.)

இரண்டாவதற்கு 'தலைப்புப் பிசகு'. தலைப்பு ஒன்று சொல்லி, காணொலி வேறொன்று காட்டியிருக்கிறது. தேடி வந்தவர் கோடு கீழே கிடந்தால் தலைப்பு பொய் சொல்லியிருக்கிறது என்று பொருள். விஷயம் முடிந்தது.

நஸ்ரின், ஓசூர்:

டீச்சர், 'தங்கல்' எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் கடைசி வாக்கியத்தை ஒப்புக்கொள்ள முடியாது. நாலைந்து சேனல்களுக்குப் படத்தொகுப்பும் கணக்கும் பார்க்கிறேன், அதில் கண்டதைச் சொல்கிறேன்.

தேடி வந்தவர் கோடு கீழே இருப்பது பெரும்பாலும் இயல்பு. அவருக்கு ஒரு கேள்வி, பதில் கிடைத்ததும் எழுந்து போய்விடுவார். கடைக்கு உப்பு வாங்க வந்தவர் உப்பு வாங்கிவிட்டுப் போவதைக் கடைக்காரர் குறையாக நினைப்பாரா? பரிந்துரையில் வந்தவர் ஓய்வாகப் பார்த்துக்கொண்டிருப்பவர். முந்தைய காணொலி முடிந்து அடுத்தது தானாக ஓடியிருந்தாலும் அந்தக் கணக்கில்தான் சேரும். போனை மேசையில் வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தாலும் கோடு மேலேதான் இருக்கும்.

ஆக, எது மேலே எது கீழே என்பதைவிட எந்த இடத்தில் பிரிகின்றன என்பதுதான் கேள்வி. அண்ணா, மூன்று விஷயம் சொல்லுங்கள். தேடல் கோடு நடுவில் எங்காவது ஏறுகிறதா? பரிந்துரைக் கோடு எங்கே செங்குத்தாக விழுகிறது? தேடல் சொற்களின் பட்டியலில் முதல் பத்து என்ன, பரிந்துரையில் எந்தெந்தக் காணொலிகளுக்குப் பக்கத்தில் உங்களுடையது தெரிந்திருக்கிறது?

முருகேசன், பாலக்கோடு:

பார்த்தேன்மா. தேடல் கோடு 4:10க்குச் சற்று முன் 24க்கு இறங்கி, 4:10ல் 33க்கு ஏறுகிறது. கோடு ஏறுமா என்று அப்போதே குழம்பினேன். பரிந்துரைக் கோடு 1:50 வரை 62ல் நின்று, அடுத்த இருபது நொடிக்குள் 35க்கு விழுகிறது.

தேடியவர்கள் பெரும்பாலும் 'இலை சுருட்டு மருந்து' மாதிரிதான் போட்டிருக்கிறார்கள். நான் எதிர்பார்க்காத ஒன்றும் இருக்கிறது: 'மாடித்தோட்டம் தக்காளி இலை சுருட்டல்'. பரிந்துரைப் பட்டியலில் பாதிக்கு மேல் 'இன்றைய தக்காளி விலை' காணொலிகள்.

நஸ்ரின், ஓசூர்:

அப்படியானால் படம் தெளிவாகிவிட்டது. கோடு ஏறுவது, இழுத்துத் தள்ளிக்கொண்டு போனவர்கள் அங்கே வந்து இறங்கியதால். அதே இடத்தை இரண்டு தடவை பார்த்தவர்களும் அதில் சேருவார்கள். பதில் 4:10ல் இருக்கிறது என்று கண்டுபிடிக்க அவர்கள் பட்ட பாடுதான் அந்த மேடு.

விலைக் காணொலி பார்த்தவர்களுக்கு உங்கள் மண்டிக் காட்சி நன்றாகவே பொருந்தியது. மண்டி முடிந்ததும் போய்விட்டார்கள். தேடி வந்தவர்களுக்கு அந்த மண்டிதான் தடை. ஒரே காணொலியின் முதல் பாதி ஒரு கூட்டத்துக்கும் மறு பாதி இன்னொரு கூட்டத்துக்குமாக அமைந்துவிட்டது. தலைப்பு பொய் சொல்லவில்லை டீச்சர். தலைப்பைப் படித்து வந்தவர்களை முதல் இரண்டு நிமிடம் காக்க வைத்தோம். மற்றவர்களை, காணொலியைத் திறக்கும் முன் தெரியும் முன்படமும் பக்கத்துக் காணொலியும் அழைத்து வந்தன. முன்படத்தில் என்ன இருந்தது அண்ணா?

முருகேசன், பாலக்கோடு:

கிரேடு கிரேடாகத் தக்காளி. சொன்ன பிறகுதான் உறைக்கிறது.

மாதம்மாள், காரிமங்கலம்:

நான் சமையல் சேனல் வெச்சிருக்கேன். எனக்கு இந்தக் கோடெல்லாம் மகன்தான் எடுத்துக் காட்டுவான். என் கேழ்வரகுக் களி வீடியோவுக்குத் தேடி வர்றவங்க கோடு ஒழுங்கா இருக்கு. பரிந்துரையில வர்றது மட்டும் ரம்பம் மாதிரி இருக்கு. நான் துடுப்புப் போட்டுக் கிண்டுற இடத்துல நிக்குது, பேச ஆரம்பிச்சா விழுது. என் பேச்சு அவ்வளவு மோசமான்னு ஒரு வாரம் கஷ்டமா இருந்துச்சு.

அப்புறம் மகன் பட்டியலைப் பார்த்தான். எல்லாம் கன்னடத்துல 'ராகி முத்தே' செய்யற வீடியோக்களோட பக்கத்துல காட்டியிருக்கு. வந்தவங்களுக்குத் தமிழே தெரியாது! களி உருண்டை பிடிக்கறதை மட்டும் பார்த்துட்டுப் போயிருக்காங்க. என் தலைப்பும் சரி, களியும் சரி. இதுக்கு 'தலைப்புப் பிசகு'ன்னா எனக்குக் கோவம் வருமுங்க டீச்சர்.

கமலா, பென்னாகரம்:

மாதம்மாள், நீங்கள் சொன்னபின் அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். பிசகு என்பதை மட்டும் விடமாட்டேன். எலும்பு பிசகியது என்கிறோம். எலும்பும் நல்ல எலும்பு, குழியும் நல்ல குழி, பொருந்திய இடம் மட்டும் நழுவியிருக்கிறது. காணொலியும் நல்லது, வந்தவரும் நல்லவர் என்கிற இந்த நிலைக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. எது பிசகியது என்று முன்னொட்டுதான் வேண்டும்.

நஸ்ரின், ஓசூர்:

'வரவுப் பிசகு'? யார் வந்தார் என்பதும் என்ன இருந்தது என்பதும் நழுவியது. ஒரு நிபந்தனை: வந்தவர் தேடிய பகுதி வருவதற்கு முன்பே கோடு விழுந்தால் மட்டும் இந்தப் பெயர். பதில் முடிந்த பிறகு விழுந்தால் அதை வெறும் 'விடைபெறல்' என்று விட்டுவிடலாம்.

கோவிந்தராஜ், காவேரிப்பட்டணம்:

'தங்கல்'னா எங்க பக்கம் லாட்ஜ் ஞாபகம்தான் வருது. சரி, அது போகட்டும். முருகேசு, அந்த வீடியோவை என்ன பண்ணினே? அதைச் சொல்லு.

முருகேசன், பாலக்கோடு:

வெட்டினேன் அண்ணே. 0:12லிருந்து 1:50 வரை மண்டி முழுக்க எடுத்துவிட்டேன். யூடியூப் ஸ்டூடியோவிலேயே வெட்டலாம், முகவரி மாறாது, பார்வையும் போகாது. நீளம் 7:42 ஆனது. செடி பிடுங்குகிற இடம் 2:32க்கு வந்தது. முன்படத்தையும் மாற்றிச் சுருண்ட இலையை வைத்தேன்.

இங்கே ஒரு தப்பு செய்தேன், வகுப்பிலும் சொல்லப்போகிறேன். வெட்டிய மறுநாள் மொத்தக் காலத்துக்கும் கோட்டைத் திறந்து பார்த்து, ஒன்றும் மாறவில்லையே என்று நொந்தேன். பழைய நீளத்தில் பார்த்தவர்களும் அதில் கலந்திருக்கிறார்கள், அவர்களுடைய 4:10 இப்போது வேறு இடம். வெட்டிய நாளுக்குப் பிறகான தேதிகளை மட்டும் எடுத்து, மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தபோது தேடி வந்தவர் 30வது நொடியில் 64. மேடு மறைந்துவிட்டது.

முதல் வாரமே பார்க்காதீர்கள் என்பதற்கும் காரணம் உண்டு. அப்போது தேடி வந்தவர் 40 பேர். ஒருவர் எழுந்து போனாலே கோடு 2.5 இறங்கும். அதை வைத்து நானே இரண்டு ராத்திரி கதை கட்டினேன்.

பரிந்துரையில் வருகிறவர்கள் நன்றாகக் குறைந்துவிட்டார்கள். மண்டியை எடுத்ததாலா, முன்படம் மாறியதாலா, தக்காளி விலை இறங்கி விலைக் காணொலிகளையே யாரும் பார்க்காததாலா, தெரியவில்லை. மூன்றும் ஒரே சமயத்தில் நடந்தது. ஒவ்வொன்றாக மாற்றியிருக்க வேண்டும்.

இன்னொரு சந்தேகம், நஸ்ரின். இப்போது 3:05ல் தேடல் கோடு நன்றாக விழுகிறது. அங்கேதான் நான், 'சுருட்டு வைரஸ் வந்த செடிக்கு மருந்தே இல்லை, ஆரம்பத்திலேயே பிடுங்கி அழித்துவிடுங்கள், வெள்ளை ஈயைத்தான் கட்டுப்படுத்த முடியும், அடுத்த முறை நாற்றங்காலுக்கு வலை போடுங்கள்' என்கிறேன். தேடியவர் கேட்டது மருந்தின் பெயர். இது விடைபெறலா, வரவுப் பிசகா?

நஸ்ரின், ஓசூர்:

கோட்டை வைத்துச் சொல்ல முடியாது அண்ணா. பதில் கிடைத்துப் போனவரும் பதில் பிடிக்காமல் போனவரும் ஒரே நொடியில்தான் போவார்கள். கருத்துகளில் 'மருந்து பெயர் சொல்லலையே' என்று எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். எழுதியிருந்தாலும் அந்த இடத்தை வெட்டாதீர்கள், இல்லாத மருந்தை இருப்பதாகவா சொல்ல முடியும்? 'மருந்து' என்ற சொல் தலைப்பிலோ விளக்கத்திலோ இருந்தால் அதை எடுத்துவிடலாம். மாடித்தோட்டக்காரர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று எடுங்கள். தொட்டியில் வெயிலாலும் தண்ணீர் மாறி மாறி ஊற்றுவதாலும் அடி இலை மேல்நோக்கிச் சுருளும், அது வைரஸே இல்லை. உங்கள் காணொலியைப் பார்த்து எத்தனை பேர் நல்ல செடியைப் பிடுங்கினார்களோ!

முருகேசன், பாலக்கோடு:

ஐயோ, அதை நான் யோசிக்கவே இல்லை. சனிக்கிழமையே எடுக்கிறேன். அதுவரை பழைய காணொலியின் முதல் கருத்தாக ஒரு குறிப்பு எழுதி மேலே குத்தி வைக்கிறேன். வகுப்புக்கு 'தங்கல் கோடு', 'வரவுப் பிசகு' இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

மாதம்மாள், காரிமங்கலம்:

என்னுதுக்கும் அதே பேரா? என் வீடியோல வெட்டறதுக்கு ஒண்ணுமில்லையே. கன்னடத்துல எழுத்து போட்டா அவங்க நிப்பாங்களா, இல்ல அவங்களை விட்டுடணுமா?

கமலா, பென்னாகரம்:

அதற்கு நஸ்ரின் சொல்லட்டும். எனக்கு 'வரவு' என்றால் வரவு செலவு நோட்டுதான் நினைவுக்கு வருகிறது, 'வருகைப் பிசகு' இன்னும் நேராக இருக்குமோ என்று தோன்றுகிறது. எதை எடுத்தாலும் முருகேசன், நடுவில் 'ப்' விட்டுவிடாதீர்கள். உங்கள் வகுப்புச் சுவரொட்டியில் 'தலைப்பு பிசகு' என்று இருந்ததைப் பார்த்தேன்.