எம்டிஎஸ் ஃபைலை எம்பி4 ஆக்கினால் எரர்: ரீ-என்கோட் இல்லாமல் வழி உண்டா?

வியாசை ஃபுட்பால் பையன்

வணக்கம். வியாசர்பாடியில் எங்கள் தெருப் பசங்க ஆடிய ஃபைனல் மேட்ச்சை முழுசாக ஷூட் செய்தேன். கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணன் ஒருவரிடம் வாடகைக்கு வாங்கிய பழைய ஏவிசிஎச்டி தோள் கேமரா. கார்டில் 10 எம்டிஎஸ் ஃபைல், மொத்தம் சுமார் 17 ஜிபி. என் எடிட்டிங் சாஃப்ட்வேரில் படம் வருகிறது, சத்தம் வருவதில்லை. படத்தின் தரம் குறையக்கூடாது, என் லேப்டாப்பும் பழசு, அதனால் ரீ-என்கோட் வேண்டாம் என்று இதைப் போட்டேன்:

```
ffmpeg -i 00000.MTS -c copy 00000.mp4
```

வந்தது இது:

```
Could not find tag for codec pcm_bluray in stream #1, codec not currently supported in container
```

எரர் ஏன் வருகிறது? ஃபைல் கெட்டுவிட்டதா? மேட்ச் திரும்ப வராது, கொஞ்சம் பயமாக இருக்கிறது.

கொருக்குப்பேட்டை ஜி

தம்பி, ஃபைல் பேரில் கடைசியில் இருக்கிற MTS-ஐ அழித்துவிட்டு mp4 என்று மாற்று, போதும். நான் அப்படித்தான் செய்வேன், விஎல்சியில் ஓடும். இல்லையென்றால் எம்கேவியில் போடு, அது எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளும்.

வியாசை ஃபுட்பால் பையன்

பேர் மாற்றிப் பார்த்தேன் அண்ணா, விஎல்சியில் ஓடுகிறது, எடிட்டரில் அதே கதைதான். எம்கேவியும் எரர் அடிக்கிறது.

பழைய வண்ணை எடிட்டர்

தம்பி, ஃபைல் நன்றாகத்தான் இருக்கிறது. பேர் மாற்றினால் டப்பாவின் மேலே ஒட்டிய சீட்டுதான் மாறும், உள்ளே அதே எம்டிஎஸ். விஎல்சி பேரைப் பார்க்காமல் உள்ளே பார்த்து ஓட்டுவதால் சரியாகிவிட்ட மாதிரி தெரியும். எம்கேவி பெரும்பாலும் எதையும் வாங்கும் என்பது உண்மைதான், ஆனால் pcm_bluray-ஐ வாங்காது.

உன் கேமராவில் ஆடியோ மெனுவை யாரோ டால்பியில் இருந்து எல்பிசிஎம்முக்கு மாற்றி வைத்திருக்கிறார்கள். டால்பியாக இருந்திருந்தால் நீ போட்ட கமாண்டே வேலை செய்திருக்கும். எல்பிசிஎம் என்றால் அமுக்காத சத்தம், ஆனால் எம்டிஎஸ்ஸுக்குள் அது ப்ளூரே முறையில், ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முன்னால் ஒரு சின்னத் தலைப்போடு உட்கார்ந்திருக்கிறது. அந்த முறைக்கு எம்பி4-இல் இடமே கிடையாது. `-c copy` என்றால் எதையும் தொடாதே என்று அர்த்தம், அதனால் எஃப்எஃப்எம்பெக் அதை மாற்றவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் நின்றுவிடுகிறது.

படத்தைத் தொடாதே, சத்தத்தை மட்டும் சாதாரண பிசிஎம்மாக எழுது, எம்ஓவியில் வை. சத்தத்தில் நஷ்டம் எதுவும் இல்லை. 16 பிட் எண்கள் அப்படியே இருக்கும், பைட் வரிசைதான் திரும்புகிறது, தலைப்புதான் போகிறது.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி. 10 ஃபைலும் தனித்தனியாக ரெக்கார்ட் பட்டனை அமுக்கி எடுத்ததா?

வியாசை ஃபுட்பால் பையன்

இல்லை அண்ணா. முதல் பாதிக்கு ஒரு தடவை அமுக்கினேன், இரண்டாம் பாதிக்கு ஒரு தடவை, அவ்வளவுதான். 00000-இல் இருந்து 00003 வரை எல்லாம் 2 ஜிபி பக்கம், 00004 மட்டும் ரொம்பச் சின்னது. அடுத்த ஐந்தும் அதே மாதிரி.

பழைய வண்ணை எடிட்டர்

அப்படியென்றால் ஒவ்வொன்றாக மாற்றாதே. கேமரா 2 ஜிபி ஆனதும் ஃபைலை வெட்டுகிறது, உன் கேமராவில் ஏறக்குறைய 11 நிமிடத்துக்கு ஒரு தடவை. வெட்டும்போது ஃபிரேம் முடிந்ததா, சத்தப் பாக்கெட் முடிந்ததா என்றெல்லாம் பார்க்காது. பாதிப் பாக்கெட் ஒரு ஃபைலின் வாலில், மீதி அடுத்ததன் தலையில். தனித்தனியாக மாற்றினால் இரண்டு துண்டையும் பயனில்லை என்று தூக்கிப் போட்டுவிடும், டைம்லைனில் ஒட்டும்போது அந்த இடத்தில் சத்தம் ஒரு நொடிக்கும் குறைவாக விழுங்கும், படமும் ஒரு குதி குதிக்கும். எம்டிஎஸ்ஸில் ஒரு வசதி, பைட்டுக்குப் பைட் ஒட்டினாலே ஒரே ஃபைல் ஆகிவிடும். எம்பி4-இல் இப்படி ஒட்டவே முடியாது, அதனால் ஒட்டுவது முதலில், டப்பா மாற்றுவது அப்புறம். விண்டோஸில்:

```
copy /b 00000.MTS+00001.MTS+00002.MTS+00003.MTS+00004.MTS p1.mts
ffmpeg -i p1.mts -map 0:v:0 -map 0:a:0 -c:v copy -c:a pcm_s16le p1.mov
```

இரண்டாம் பாதியைத் தனியாகச் செய். அது வேறு ரெக்கார்டிங், இதோடு சேர்த்து ஒட்டாதே. `-map 0` என்று மொத்தமாகவும் போடாதே, சில கேமராக்கள் தேதியையும் நேரத்தையும் படச் சப்டைட்டிலாக உள்ளே வைத்திருக்கும், எம்ஓவி அதற்கும் மறுப்பு சொல்லும்.

ஓடும்போது திரையைப் பார். 0:0-க்கு நேரே `(copy)` என்றும் 0:1-க்கு நேரே `pcm_bluray` -> `pcm_s16le` என்றும் இருக்க வேண்டும். 0:0-க்கு நேரே `libx264` என்று பார்த்தால் உடனே நிறுத்து, படம் ரீ-என்கோட் ஆகிறது.

எண்ணூர் அலை

எனக்கும் இதே பிரச்சினைதான். கடற்கரையில் மொபைலில் எடுத்துக்கொண்டிருந்தபோது சார்ஜ் போய் அணைந்துவிட்டது. 3 ஜிபி எம்பி4 இருக்கிறது, `-c copy` போட்டால் `moov atom not found` என்கிறது. எம்ஓவிக்கு மாற்றினால் சரியாகுமா?

பழைய வண்ணை எடிட்டர்

இது வேறு பிரச்சினை நண்பா. எந்த ஃபிரேம் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்ற பட்டியலை இந்த மாதிரி எம்பி4 ரெக்கார்டிங் முடிக்கும்போதுதான் எழுதும். உன் போன் அதற்குள் அணைந்துவிட்டது. பட்டியல் இல்லாத ஃபைலைப் படிக்கவே முடியாது என்பதால் வேறு டப்பாவுக்கு மாற்றுவது என்ற பேச்சே எழாது. `untrunc` என்று ஒரு கருவி உண்டு. அதே போனில் அதே செட்டிங்கில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்றைக் கொடுத்தால் அதைப் பார்த்துப் பட்டியலைத் திரும்பக் கட்டப் பார்க்கும். முழுசாக மீளும் என்று சொல்ல மாட்டேன். கெட்ட ஃபைலைக் காப்பி எடுத்துவிட்டு முயற்சி செய்.

கொருக்குப்பேட்டை ஜி

இவ்வளவு எதற்கு, ஹேண்ட்பிரேக்கில் போட்டால் எம்பி4 வந்துவிடுமே.

பழைய வண்ணை எடிட்டர்

வரும் ஜி, ஆனால் ஹேண்ட்பிரேக் படத்தை எப்போதும் ரீ-என்கோட்தான் செய்யும், வேறு வழி அதில் இல்லை. தம்பி வேண்டாம் என்றது அதைத்தானே. பசங்களுக்கு மொபைலில் அனுப்ப எம்பி4-ஏ வேண்டுமென்றால், அதே கமாண்டில் `-c:a aac -b:a 192k` என்று மாற்றி எம்பி4 ஆக எழுதலாம். படம் அப்படியே இருக்கும், சத்தத்தில் மட்டும் கொஞ்சம் போகும். புதிய எஃப்எஃப்எம்பெக்கில் பிசிஎம்மையே எம்பி4-இல் வைக்கலாம், ஆனால் பல பிளேயர்களில் சத்தம் வராது, நான் அதைத் தொடுவதில்லை.

வியாசை ஃபுட்பால் பையன்

அண்ணா, முதல் பாதி அருமையாக வந்துவிட்டது! எங்கள் கோல் 22-ஆவது நிமிடத்தில், ஃபைல் மாறும் இடத்துக்குப் பக்கத்திலேயே. நெட்டில் பந்து விழுவதும் பசங்க கத்துவதும் ஒரு வெட்டும் இல்லாமல் ஓடுகிறது. சத்தம் உண்மையிலேயே மாறவில்லையா என்று பார்க்க, p1.mts, p1.mov இரண்டுக்கும் இதைப் போட்டேன், ஒரே எண் வந்தது:

```
ffmpeg -i p1.mov -map 0:a:0 -c:a pcm_s16le -f md5 -
```

இரண்டாம் பாதியில்தான் சிக்கல். 00007 வரும் இடத்தில் `PES packet size mismatch` என்றும் `corrupt` என்றும் வரிசையாக ஓடியது. அந்த இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது.

பழைய வண்ணை எடிட்டர்

00007-ஐ மட்டும் தனியாக விஎல்சியில் ஓட்டு. நடுவில் உடைந்தால் ஃபைலே அடிபட்டிருக்கிறது, ஒட்டியதில் தப்பில்லை. காப்பி எடுக்கும்போது கார்டு ரீடர் ஆடியிருக்கலாம், கார்டே பழசாகவும் இருக்கலாம். டப்பா மாற்றுவது எதையும் ரிப்பேர் செய்யாது, உடைந்ததை உடைந்தபடியேதான் கொண்டுபோகும். கார்டு கையில் இருந்தால் அந்த ஒரு ஃபைலை வேறு ரீடரில் மறுபடி காப்பி எடுத்து, இரண்டையும் `fc /b` போட்டு ஒப்பிட்டுப் பார்.

வியாசை ஃபுட்பால் பையன்

தனியாக ஓட்டினாலும் 4-ஆவது நிமிடத்தில் உடைகிறது. கார்டைக் கேமராவோடு திருப்பிக் கொடுத்துவிட்டேன் அண்ணா. இப்போதுதான் போன் செய்தேன், நேற்று தண்டையார்பேட்டையில் ஒரு ரிசப்ஷனுக்கு அதே கார்டைப் போட்டாராம், ஃபார்மட் அடித்தாரா இல்லையா என்று அவருக்கே நினைவில்லை. இனி அதில் எதுவும் எடுக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன், சாயங்காலம் போய் வாங்கி வருகிறேன்.